வெள்ளை சாஸ்: கட்டி தட்டாமல், பச்சை மாவு வாசனை இல்லாமல்

வெள்ளை சாஸுக்கு வெண்ணெய், மைதா, பால் என்று மூன்றே பொருட்கள்தான். பாஸ்தாவில் சேர்ப்பது, லசானியாவில் அடுக்குகளுக்கு நடுவே ஊற்றுவது, வேகவைத்த காய்கறிகள் மேல் பரப்பி சீஸ் தூவி பேக் செய்வது, க்ரீம் சூப்பைக் கெட்டியாக்குவது என்று பல வேலைகளுக்கு இது பயன்படும். பிரெஞ்சுச் சமையலில் இதற்குப் பெஷமெல் என்று பெயர். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் பொறுப்பில் இருந்த லூயி த பெஷமெய்ல் என்பவரின் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். அவர் சமையல்காரர் இல்லை.

முதன்முறை செய்கிறவர்களுக்கு இதில் வருகிற குறைகள் இரண்டு. ஒன்று, கட்டி தட்டுவது. இன்னொன்று, பார்க்க வழவழவென்று இருக்கும் சாஸ் வாயில் வைத்ததும் பச்சை மாவாக ருசிப்பது. இரண்டுக்கும் 'கைவிடாமல் கிளறுங்கள்' என்ற ஒரே மருந்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அது போதாது. கட்டி தட்டுமா தட்டாதா என்பது பால் ஊற்றத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடத்திலேயே முடிவாகிவிடும். பச்சை வாசனை நிற்குமா போகுமா என்பது பெரும்பாலும் சாஸ் கெட்டியான பிறகு, நாம் அடுப்பை எப்போது அணைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடப்பவை. அந்த நேரங்களில் மாவுக்கு என்ன ஆகிறது என்று புரிந்துகொண்டால் அளவுக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்காது.

மாவுக்குள் நடப்பது

மைதாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரிலோ பாலிலோ போட்டால் அந்த மணிகள் சும்மா மிதந்து, பிறகு அடியில் படியும். சூடு 60 டிகிரியை நெருங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்து உப்பத் தொடங்கும். கொதிநிலையை நெருங்க நெருங்க மேலும் உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கும் பால் தாராளமாக ஓட இடமில்லாமல் போகிறது. சாஸ் கெட்டியாவது இப்படித்தான்.

இதே மணிகள் பிரியாமல் ஒரு சிட்டிகை மாவாகச் சேர்ந்தபடியே சூடான பாலில் விழுந்தால் என்ன ஆகும்? வெளிப்பக்கம் இருக்கும் மணிகள் உடனே உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, பசைபோல ஒரு தோலாகிவிடும். அந்தத் தோலைத் தாண்டிப் பால் உள்ளே போக முடியாது. உள்ளே காய்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். ஒரு கட்டியைக் கரண்டியால் அழுத்திப் பிளந்து பார்த்தால் நடுவில் வெள்ளையாக உலர்ந்த மாவு தெரியும். எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் அது தானாகக் கரையாது.

கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மாவைக் கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டமாட்டார்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலைத்தான் ஊற்றுவார்கள். சூடு படுவதற்கு முன்பே மணிகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் இரண்டு இடத்திலும் வேலை. கூழில் அதைத் தண்ணீர் செய்கிறது, வெள்ளை சாஸில் வெண்ணெய் செய்கிறது. உருகிய வெண்ணெயில் மைதாவைக் கலக்கும்போது ஒவ்வொரு மணியையும் சுற்றிக் கொழுப்பு பூசிக்கொள்கிறது. கொழுப்பில் மாவுச்சத்து உப்பாது. அதனால் ஒட்டவும் ஒட்டாது. பிறகு பால் வரும்போது மணிகள் ஏற்கனவே பிரிந்து தயாராக இருக்கும்.

வெண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலில் கரைத்த மாவை 100 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது. வெண்ணெயில் வறுக்கும் மாவை முடியும். பச்சை மாவின் அந்த வாசனை போய், பிஸ்கட் சுடும்போது வருவதுபோன்ற இலேசான மணம் வருவது இந்தக் கட்டத்தில்தான். பாலிலேயே மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கெட்டியாகும், ஆனால் இந்த மணம் கிடைக்காது. நேரம் மிச்சம் என்று இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் சாஸில் மாவு ருசி முன்னால் நிற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

அளவு

பிரெஞ்சுச் சமையலில் வெண்ணெயும் மாவும் சம எடை. எடையில் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பூனில் சமமாக எடுத்தால் எடையில் சமமாக வராது. ஒரு டேபிள் ஸ்பூன் வெண்ணெய் 14 கிராம் இருக்கும். தலைதட்டி எடுத்த ஒரு டேபிள் ஸ்பூன் மைதா 8 கிராம்தான். ஸ்பூனுக்கு ஸ்பூன் போட்டாலும் சாஸ் வரும், வெண்ணெய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பால் அதற்கேற்பக் குறைவாகப் பிடிக்கும். நான் எடைபோட்டுத்தான் செய்வேன். வீட்டில் சமையல் தராசு இல்லாவிட்டால் 2 டேபிள் ஸ்பூன் வெண்ணெய்க்கு 4 டேபிள் ஸ்பூன் தலைதட்டிய மைதா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நடுத்தரக் கெட்டியாக, நான்கு பேருக்குப் பாஸ்தாவுக்கோ காய்கறி பேக் செய்வதற்கோ வேண்டிய அளவு இது: வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், பால் 500 மில்லி. அரை லிட்டர் பாக்கெட் பால் ஒன்று சரியாகப் போகும். சூப்புக்கு என்றால் வெண்ணெயையும் மைதாவையும் பாதியாக்கிவிடலாம். கட்லெட்டுக்குள் வைத்து உருட்டும் அளவுக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் இரண்டையும் இரட்டிப்பாக்க வேண்டும். பால் எப்போதும் அதே 500 மில்லி.

பால் எந்த வகையாக இருந்தாலும் சாஸ் கெட்டியாகும், ஏனென்றால் கெட்டியாக்குவது மாவு. ஆனால் 6 சதவீதம் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பாலில் செய்ததற்கும் 3 சதவீத டோன்டு பாலில் செய்ததற்கும் நாக்கில் வித்தியாசம் தெரியும். கொழுப்பு குறைந்த பாலில் மாவு ருசியை மறைக்க ஒன்றும் இல்லாததால் கடைசியில் சொல்லப்போகும் காய்ச்சும் நேரத்தைக் குறைக்கவே கூடாது.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் வைத்திருப்போம். அதில் படிந்திருக்கும் ஆடையை வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். சாஸில் பிசிறாகத் தெரிவது சில சமயம் மாவுக் கட்டியே இல்லை, கிழிந்த பாலாடைதான். அதை எவ்வளவு கிளறினாலும் கரையாது, கிளறுகிறவருக்குத்தான் கை வலிக்கும்.

வெண்ணெய் உப்பு போட்டதா, போடாததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் எளிதில் கிடைப்பது பெரும்பாலும் உப்பு போட்டது. அப்படியானால் சாஸுக்கு உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகுதான். மைதாவை ஒரு முறை சலித்துக்கொள்வது நல்லது. டப்பாவில் நாள்பட்டு இறுகிய மாவில் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், அவை வெண்ணெயிலும் சுலபத்தில் உடையாது.

பாத்திரம் அடி கனமானதாக இருக்கட்டும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிப்பிடிக்கும். பூச்சு இல்லாத வெறும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அதில் கம்பி விஸ்க்கால் அடித்தால் உலோகம் தேய்ந்து சாஸ் சாம்பல் நிறமாகிவிடும். கிளறுவதற்கு ஒரு கம்பி விஸ்க், ஓரங்களை வழித்துவிட ஒரு தட்டையான மரக்கரண்டி, இரண்டும் வேண்டும். விஸ்க் வட்டமாக இருப்பதால் பாத்திரத்தின் அடியும் சுவரும் சேரும் மூலைக்குப் போகாது. கட்டி தட்டுவதும் அடிப்பிடிப்பதும் அந்த மூலையில்தான் தொடங்கும். நான்ஸ்டிக் பாத்திரமாக இருந்தால் கம்பி விஸ்க் கீறிவிடும், சிலிக்கான் விஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயும் மாவும்

மிதமான தீயில் வெண்ணெயை உருக்குங்கள். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருப்பதால் உருகியதும் சலசலவென்று நுரைக்கும். நுரை அடங்கத் தொடங்கும்போது, வெண்ணெய் சிவப்பதற்கு முன், மைதா முழுவதையும் ஒரேயடியாகப் போட்டுக் கலக்குங்கள். இங்கே ஒரேயடியாகப் போடலாம், பயமில்லை, கொழுப்பில் கட்டி தட்டாது. சில நொடிகளில் இளகிய பசையாக ஒன்றுசேரும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கலவையை 'ரூ' என்கிறார்கள்.

இப்போது தீயைக் குறைத்து இரண்டு நிமிடம், அதிகமானால் மூன்று நிமிடம் கிளற வேண்டும். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம். தொடக்கத்தில் ஈரமான பச்சை மாவு வாசனை வரும். கலவையெங்கும் சின்னக் குமிழ்கள் எழும். மாவிலும் வெண்ணெயிலும் மிச்சம் இருக்கும் ஈரம் போவதன் அடையாளம் அது. கொஞ்ச நேரத்தில் கலவை இலேசாக இளகி, பச்சை வாசனை மங்கி, பிஸ்கட் மணம் தொட்டும் தொடாமலும் வரும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளாகவே இருக்க வேண்டும்.

இன்னும் வறுத்தால் இன்னும் வாசனை போகுமே என்று தோன்றலாம். போகும்தான். ஆனால் மாவு சிவக்கச் சிவக்க மாவுச்சத்து உடைந்து கெட்டியாக்கும் சக்தியை இழக்கும். நன்றாகச் சிவந்த கலவையில் செய்த சாஸ் அதே அளவு பாலில் நீர்த்துப்போய் நிற்கும், வெள்ளையாகவும் இருக்காது. அமெரிக்காவின் லூயிசியானாவில் கம்போ என்ற குழம்புக்கு மாவை வேண்டுமென்றே சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பார்கள். அங்கே ருசிக்காகவும் நிறத்துக்காகவும் செய்கிறார்கள், கெட்டித்தன்மையை அதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள். நமக்கு வேண்டியது வெள்ளை சாஸ்.

பால் ஊற்றும் இரண்டு நிமிடம்

பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குங்கள். ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். இந்த ஒரு நிமிடம் தொடக்கக்காரர்களுக்கு மிகவும் உதவும். வறுத்த மாவு 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதன் மேல் கொதிக்கிற பாலை மொத்தமாக ஊற்றினால் மணிகள் பிரிந்து பரவ நேரமே இருக்காது. பட்ட இடத்திலேயே உப்பி ஒட்டிக்கொள்ளும்.

பால் சூடாக இருக்க வேண்டுமா, குளிர்ந்திருக்க வேண்டுமா என்று சமையல் குறிப்புகள் ஆளுக்கு ஒன்று சொல்லும். இரண்டிலும் நல்ல சாஸ் செய்ய முடியும். சூடான பால் என்றால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கை வேகமாக ஓட வேண்டும், தவறினால் திருத்த நேரம் கிடைக்காது. ஆறிய பால் மெதுவாகச் சூடேறுவதால் கட்டிகளை உடைக்க அவகாசம் தரும். தொடக்கக்காரர்களுக்கு அறை வெப்பத்தில் இருக்கும் பாலையே நான் சொல்வேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் ஒரு சின்னக் குழப்பம் வரும். வெண்ணெய் குளிர்ந்து உறைந்து, கலவை பிசிறு பிசிறாகத் தெரியும். அது கட்டி இல்லை, சூடானதும் உருகிவிடும். அதைப் பார்த்துப் பயந்து தீயைக் கூட்டாமல் இருந்தால் போதும்.

முதலில் ஊற்றுவது 50 மில்லி மட்டும், கிட்டத்தட்ட மூன்று டேபிள் ஸ்பூன். ஊற்றிய உடனே விஸ்க்கால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கலக்குங்கள். கலவை சட்டென்று இறுகி, பிசைந்த மாவுபோலத் திரண்டுவிடும். எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை, அப்படித்தான் ஆக வேண்டும். இறுகிய கலவையில் விஸ்க் உரசும்போதுதான் மாவுத் துணுக்குகள் நசுங்கிப் பிரியும். பாலை நிறைய ஊற்றிவிட்டால் கட்டிகள் மிதந்து விலகி ஓடும், எதன் மேலும் உரசாது. தண்ணியான பாலில் ஒரு கட்டியைத் துரத்திப் பிடிப்பதைவிடக் கெட்டியான பசையில் நசுக்குவது எவ்வளவோ எளிது.

அது ஒரே மாதிரியான வழவழப்பான பசையாகும்வரை அடுத்த பாலைத் தொடாதீர்கள். பிறகு இன்னொரு 50 மில்லி. இந்த முறை பசை இளகி, தோசை மாவைவிடக் கெட்டியான பதத்துக்கு வரும். மறுபடி வழவழவென்று ஆனதும் 100 மில்லி. இங்கே ஒரு முறை மரக்கரண்டியால் மூலைகளை வழித்து நடுவுக்குக் கொண்டுவந்து விஸ்க்கால் அடியுங்கள். இதுவரை கட்டி இல்லை என்றால் இனிமேல் வருவதற்குக் காரணம் இல்லை. மிச்சம் இருக்கும் 300 மில்லியை ஒரேயடியாக ஊற்றிக் கலக்கிவிடலாம்.

கடைசிவரை சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தவறில்லை, ஆனால் அவசியமும் இல்லை. பொறுமை முழுவதையும் முதல் 200 மில்லியிலேயே செலவழித்துவிடுங்கள்.

கெட்டியான பிறகுதான் பாதி வேலை

பாத்திரத்தை மறுபடி மிதமான தீயில் ஏற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். திடீரென்று விஸ்க் கனமாகத் தெரியும். அடியில் இருக்கும் சாஸ் முதலில் கெட்டியாகும் என்பதால் இந்த நேரத்தில் கையை எடுக்கக் கூடாது. முதல் கொதி வரும்போது சாஸ் பொதபொதவென்று பெரிய குமிழ்களாக விடும். கொதிக்காத சாஸ் முழுக் கெட்டியை எட்டியிருக்காது, அதனால் பதம் பார்ப்பது கொதி வந்த பிறகுதான்.

இந்த இடத்தில்தான் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். சாஸ் கெட்டியாகிவிட்டது, பளபளவென்று இருக்கிறது, இனி என்ன என்று தோன்றுவது இயல்பு. ஒரு சொட்டு ஆறவைத்து நாக்கில் வையுங்கள். மேல்நாக்கில் நைஸான பொடி படிந்ததுபோல ஓர் உணர்வும் பசை ருசியும் இருக்கும். மணிகள் உப்பியிருக்கின்றன, ஆனால் முழுவதும் வெந்து மிருதுவாகவில்லை. வெண்ணெயில் வறுத்தது வாசனையைப் போக்கியது. இந்தப் பொடி உணர்வைப் போக்குவது நேரம் மட்டும்தான்.

தீயைச் சிம்மில் வைத்து 10 நிமிடமாவது காய்ச்ச வேண்டும், 15 நிமிடம் என்றால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் குமிழ் மெதுவாக வந்து உடைய வேண்டும், அவ்வளவு தீ போதும். கேஸ் அடுப்பில் சிம்மே அதிகமாக இருந்தால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். பிரியாணி தம் போடும்போது செய்கிற அதே வேலை. நெருப்பு நேராகப் படாது, அடிப்பிடிக்கவும் செய்யாது. இந்த நேரம் முழுவதும் அடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு முறை மரக்கரண்டியால் அடியையும் மூலையையும் வழித்துவிட்டால் போதும்.

இடையில் சாஸ் சற்று இளகியதுபோல இருக்கும். உப்பிய மணிகளில் சில உடைந்துவிடுவதால் அப்படி. பதறி மாவு சேர்க்க வேண்டாம். காயக் காயப் பாலில் இருக்கும் தண்ணீரும் வற்றுவதால் கெட்டித்தன்மை திரும்ப வரும். ரொம்ப இறுகினால் கொஞ்சம் பால் விட்டுக்கொள்ளலாம்.

ஆறாவது நிமிடத்தில் ஒரு தடவை, பத்தாவது நிமிடத்தில் ஒரு தடவை ருசி பாருங்கள். அடுத்தடுத்து ருசித்தால்தான் மாற்றம் பிடிபடும். மாவின் ருசி பின்வாங்கி, காய்ச்சிய பாலின் இலேசான இனிப்பு முன்னால் வரும். நாக்கில் பொடி படியாது. அப்போது சாஸ் வெந்துவிட்டது. பதத்துக்குக் கரண்டியைத் தோய்த்து எடுத்து அதன் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் வழிந்து மூடாமல் நின்றால் பாஸ்தாவுக்குச் சரியான பதம். ஆறும்போது சாஸ் இன்னும் இறுகும். அதனால் அடுப்பில் இருக்கும்போது வேண்டியதைவிட ஒரு சுற்று இளக்கமாகவே நிறுத்துங்கள்.

உப்பு, மிளகுத்தூள், துருவிய ஜாதிக்காய் எல்லாம் இப்போதுதான். ஜாதிக்காயை நுனிவிரலில் எடுக்கும் அளவுக்கு மேல் போட்டால் கசப்பு எட்டிப் பார்க்கும். வெள்ளை மிளகு போட்டால் கருப்புப் புள்ளி தெரியாது, மற்றபடி கருமிளகும் நன்றாகத்தான் இருக்கும். சீஸ் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு, துருவியது, கொஞ்சம் கொஞ்சமாக. கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸ் திரிந்து நூல் நூலாகும், எண்ணெய் பிரியும்.

சாஸ் இன்னும் மணமாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் அதற்கான வேலையைத் தொடக்கத்திலேயே, பாலில் செய்ய வேண்டும். அரை வெங்காயத்தில் இரண்டு கிராம்பைக் குத்தி, ஒரு பிரிஞ்சி இலையோடு பாலில் போட்டுச் சூடாக்கி, மூடி வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுவார்கள். அரை மணியில் பாலும் தேவையான அளவுக்கு ஆறியிருக்கும்.

கட்டி வந்துவிட்டால்

முதல் 100 மில்லிக்குள் கட்டி தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல், பால் சேர்க்காமல், விஸ்க்கால் பாத்திரத்தின் சுவரோடு சேர்த்து நசுக்குங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

எல்லாப் பாலும் ஊற்றிய பிறகு தெரிந்தால் கம்பி வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து வடியுங்கள். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றிக் காய்ச்சும் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும், ஏனென்றால் கட்டிக்குள் இருந்து வெளிவந்த மாவு பச்சையாகத்தான் இருக்கும். மிக்ஸியில் அடிப்பதும் வழிதான். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் ஆவி மூடியைத் தள்ளிச் சாஸ் மேலே தெறிக்கும். வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அடியுங்கள்.

சாஸ் நீர்த்துப்போயிருந்தால் காய்ந்த மாவைத் தூவுவதுதான் செய்யக் கூடாத ஒன்று. கட்டி தட்டும், பச்சை வாசனையும் சேர்ந்தே வரும். கொஞ்ச நேரம் கூடுதலாக வற்றவிட்டாலே பெரும்பாலும் சரியாகும். அவசரம் என்றால் 10 கிராம் மைதாவையும் 10 கிராம் மிருதுவான வெண்ணெயையும் விரலால் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக ஒவ்வொன்றாகச் சாஸில் விட்டு அடிக்கலாம். வெண்ணெய் உருகும்போது மாவு பிரிந்து பரவிவிடும். அதன் பிறகும் சில நிமிடம் கொதிக்க வேண்டும்.

அடிப்பிடித்த வாசனை வந்தால் அடியைச் சுரண்டாதீர்கள். மேலே இருக்கும் சாஸை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள். கருகல் ருசி ஏறியிருந்தால் அதை மறைக்க வழி இல்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

உடனே பரிமாறாவிட்டால்

சும்மா வைத்தால் மேலே ஆடை கட்டும். பிறகு கிளறும்போது அந்த ஆடை கிழிந்து, இத்தனை பாடுபட்டுத் தவிர்த்த கட்டிகளைப் போலவே மிதக்கும். சூடாக இருக்கும்போதே சாஸின் மேற்பரப்பை ஒட்டினாற்போல பட்டர் பேப்பரை விரித்துவிடுங்கள். ஒரு துண்டு வெண்ணெயை மேலே தடவி உருகவிட்டாலும் காற்று படாது.

ஆறியதும் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். அல்வாபோல இறுகிவிடும். மறுபடி சூடுபடுத்தும்போது குறைந்த தீயில் வைத்து, இரண்டு டேபிள் ஸ்பூன் பால் விட்டு, விஸ்க்கால் மெதுவாக இளக்கிக்கொண்டே வந்தால் பழைய பதம் திரும்பும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உறைந்து உருகும்போது மாவுச்சத்து பிடித்துவைத்திருந்த தண்ணீரை விட்டுவிடும், சாஸ் திரிதிரியாகப் பிரியும். சூடாக்கி அடித்தால் ஓரளவு சேரும், முதலில் இருந்த வழவழப்பு வராது.